அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம்: 1967 ஜனவரி 1 யாருக்காக வைத்த தேதி?

வடவீதி, வேறொரு திரியில் எழுதியது:

“அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தைப் போல நேர்மையான பேரம் உலகத்தில் வேறு இல்லை. ஆயுதம் இல்லாதவர்கள் செய்ய மாட்டோம் என்றார்கள். வைத்திருப்பவர்கள் குறைப்போம் என்றார்கள். இரண்டு பக்கமும் சொன்னதைச் செய்தது. இதில் புலம்ப என்ன இருக்கிறது?”

செங்காந்தள்

இரண்டு பக்கமும் சொன்னதைச் செய்ததா? 1995-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம், வேறெதுவும் வேண்டாம்.

1970 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபோது இந்த ஒப்பந்தத்தின் ஆயுள் 25 ஆண்டுதான். அது முடியும்போது எல்லா உறுப்பு நாடுகளும் கூடி, நீட்டிப்பதா, எவ்வளவு காலத்துக்கு என்று பெரும்பான்மையில் முடிவெடுக்க வேண்டும். ஆயுதமில்லாத நாடுகளின் கையில் இருந்த ஒரே பிடி அதுதான். “நீங்கள் குறைக்கவில்லை என்றால் நாங்கள் நீட்டிக்க மாட்டோம்” என்று சொல்ல ஒரு நாள், ஒரே ஒரு நாள். அந்த மாநாடு 1995 ஏப்ரல் 17-ல் நியூயார்க்கில் தொடங்கியது. மே 11-ல் வாக்கெடுப்பே இல்லாமல், காலவரையறை இல்லாமல் நீட்டித்துக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்குக் கிடைத்தவை வாக்குறுதிகள். 1996-க்குள் சோதனைத் தடை ஒப்பந்தம் வரும், குண்டுக்கான மூலப்பொருள் உற்பத்தியை நிறுத்தப் பேச்சு தொடங்கும், மத்திய கிழக்கை அணு ஆயுதம் இல்லாத பகுதியாக்குவோம் என்றார்கள்.

மே 12-ல் மாநாடு முடிந்தது. 15-ஆம் தேதி சீனா குண்டு வெடித்துச் சோதித்தது. ஜூனில் பிரான்ஸ் மறுபடியும் சோதிக்கப் போவதாக அறிவித்து, செப்டம்பரில் முருரோவா தீவில் வெடித்தது. கையெழுத்தின் ஈரம் காயவில்லை. இதுதான் உங்கள் நேர்மையான பேரம்.

கரிசல்குருவி

அக்கா, 1995 வரை ஏன் போகிறீர்கள்? அநியாயம் தொடங்கியதே தேதியில்தான். 1967 ஜனவரி 1-க்கு முன்னால் குண்டு வெடித்தவன் அணு ஆயுத நாடு, மற்றவன் எவனும் கிடையாது என்று ஒன்பதாம் பிரிவில் எழுதி வைத்தார்கள். ஏன் அந்தத் தேதி? சீனா 1964 அக்டோபரில் வெடித்தது, அதனால் உள்ளே. அடுத்த இடத்தில் நின்றது யார்? இந்தியா. டிராம்பேயில் புளூட்டோனியம் பிரிக்கும் ஆலை 1964-லேயே வந்துவிட்டது. முடிவெடுத்தால் 18 மாதத்தில் வெடிக்கலாம் என்று நம் அணுசக்தித் துறையின் தலைவர் ஹோமி பாபா வெளிப்படையாகவே சொன்னார். பந்தியில் அமெரிக்கா, சோவியத், பிரிட்டன், பிரான்ஸ், சீனா என்று ஐந்து பேர் உட்கார்ந்ததும் இலை தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்குப் பெயர் ஒப்பந்தமா? 1967 ஜனவரி 1 என்பது இந்தியாவுக்காகவே வைத்த தேதி. வடவீதி இதற்குப் பதில் சொல்லட்டும்.

வடவீதி

வந்துவிட்டீர்களா. காவிரித் திரியிலும் இப்படித்தான் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு நாற்பது பதிவு போட்டீர்கள்.

முதலில் செங்காந்தளுக்கு. பிரான்ஸ் 1996 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. சீனா 1996 ஜூலையில் கடைசியாகச் சோதித்தது. செப்டம்பர் 24-ல் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்தது. சொன்ன ஆண்டில் சொன்னபடி. ஐந்து பேரில் ஒருவரும் அதற்குப் பிறகு வெடித்ததாகத் தெரியவில்லை. வெடித்தவர்கள் யார்? இந்தியா, பாகிஸ்தான், வட கொரியா.

இன்னொன்று. 1963-ல் கென்னடி ஒரு செய்தியாளர் கூட்டத்தில், எழுபதுகளில் 15, 20, ஏன் 25 நாடுகளிடம்கூட அணு ஆயுதம் இருக்கலாம் என்று கவலைப்பட்டார். இன்று எத்தனை? ஒன்பது. 1986-ல் உலகத்தில் ஏறக்குறைய 70,000 குண்டுகள் இருந்தன. இன்று 12,000-க்குக் கொஞ்சம் மேல். புலம்புவதற்கு முன் இந்த இரண்டு எண்ணையும் பாருங்கள்.

செங்காந்தள்

70,000 குறைந்தது இந்தப் பரவல் தடை ஒப்பந்தத்தால், அதாவது என்.பி.டி.யால் அல்ல. வாஷிங்டனும் மாஸ்கோவும் தங்களுக்குள் பேசிப் போட்ட உடன்பாடுகளால். பனிப்போர் முடிந்தது, இரண்டு பேருக்கும் செலவு கட்டவில்லை, குறைத்தார்கள். மெக்ஸிகோவுக்கோ எகிப்துக்கோ கொடுத்த வாக்குக்காகக் குறைக்கவில்லை. அப்படிக் கொடுத்த வாக்கு என்றால், மறுபடி ஏற்றும்போது யாரிடமாவது அனுமதி கேட்டிருக்க வேண்டுமே. 2021 மார்ச்சில் பிரிட்டன், 180 ஆகக் குறைப்பதாகச் சொல்லியிருந்த தன் குண்டு உச்சவரம்பை 260 ஆக உயர்த்தியது. யாரைக் கேட்டது?

கரிசல், தேதி விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதிதான் சரி. அந்த நாட்களில் மாஸ்கோவின் பெரிய பயம் மேற்கு ஜெர்மனி. அமெரிக்கா தன் நேட்டோ கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு கூட்டு அணு ஆயுதக் கடற்படை அமைக்கப் பார்த்தது. ஜெர்மன் விரல் அந்தப் பொத்தானில் படக்கூடாது என்பதுதான் ரஷ்யர்களின் முதல் கவலை. ஸ்வீடனும் அப்போது குண்டுத் திட்டம் வைத்திருந்த நாடுதான். இந்தியாவை மட்டும் குறிவைத்த தேதி என்று சொல்ல முடியாது.

கரிசல்குருவி

பாதி சரி என்றால் மீதிப் பாதி எப்படித் தப்பு? ஜெர்மனி வெடித்ததா? ஸ்வீடன் வெடித்ததா? இரண்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டன. கடைசியில் அந்தத் தேதி யாரை வெளியே நிறுத்தியது? இந்தியாவை. 1967 ஜனவரி 1. விளைவைப் பாருங்கள் அக்கா, நோக்கத்தை விடுங்கள்.

வடவீதி

விளைவைத்தான் பார்ப்போம். இந்தியா பொக்ரானில் வெடித்தது 1974 மே 18. ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்தது 1968 ஜூலை 1. தேதியை 1967-க்குப் பதிலாக 1968 என்று வைத்திருந்தாலும், 1970 என்று வைத்திருந்தாலும் இந்தியா வெளியில்தான். நான்கு ஆண்டு தள்ளி வைத்திருந்தாலும் நுழைந்திருக்க முடியாது. அப்புறம் என்ன 1967 ஜனவரி 1 என்று ஒப்பாரி?

கரிசல்குருவி

பாபா 18 மாதம் என்று சொன்னது 1964-ல். கூட்டிப் பாருங்கள். 1966 நடுவில் வருகிறது. 1967 ஜனவரி 1-க்கு முன்னால். அன்றைக்கு டெல்லி துணிந்திருந்தால் இன்று ஆறாவது நாடு நாம்.

செங்காந்தள்

கரிசல், அந்த 18 மாதம் முடிவெடுத்த நாளிலிருந்து. சாஸ்திரி அந்த ஆண்டு நவம்பரில் ஒப்புக்கொண்டது ஆய்வுக்கு மட்டும்தான், வெடிப்பதற்கு அல்ல. 1966 ஜனவரியில் சாஸ்திரியும் போனார், பாபாவும் போனார். ஆலை இருப்பது வேறு, குண்டுக்குத் தேவையான உலோகத்தைப் போதிய அளவில் பிரித்து, வடித்து, மையத்தில் வைத்துச் சுற்றிலும் வெடிமருந்தைச் சரியாக ஒரே நொடியில் எரியவைப்பது வேறு. நடந்ததைப் பார்த்தால் அதற்கு எழுபதுகள் வரை ஆனது.

நீங்கள் தேதியையே பிடித்துக்கொண்டிருப்பதால் வடவீதி தப்பித்துப் போகிறார். உண்மையான கதை வரைவில் இருக்கிறது. 1965 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஒரு தீர்மானம் போட்டது. ஆயுதம் உள்ளவர், இல்லாதவர் இரண்டு பக்கத்துக் கடமையும் சமநிலையில் இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. இந்தியாவும் ஜெனீவாவில் அதைத்தான் கேட்டது. 1967 ஆகஸ்ட் 24-ல் அமெரிக்காவும் சோவியத்தும் ஒரே மாதிரி இரண்டு வரைவு வைத்தன. அதில் ஆயுதக் குறைப்பைப் பற்றி ஒரு பிரிவுகூடக் கிடையாது. முன்னுரையில் நல்ல வார்த்தை நாலு இருந்தது, அவ்வளவுதான். அடுத்த மாதம் மெக்ஸிகோ திருத்தம் கொடுத்த பிறகு, மற்றவர்களும் தொடர்ந்து அழுத்திய பிறகு, 1968 ஜனவரி வரைவில் ஆறாம் பிரிவு நுழைந்தது. அதுவும் எப்படி? “ஆயுதத்தைக் கைவிடுவோம்” என்று அல்ல. “நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்துவோம்” என்று. நாள் இல்லை, எண்ணிக்கை இல்லை, சரிபார்க்க ஆள் இல்லை.

எதிர்ப்பக்கம் பாருங்கள். ஆயுதமில்லாத நாடு தன்னிடம் உள்ள அணுப்பொருள் அத்தனைக்கும் சர்வதேச அணுசக்தி முகமையிடம் கணக்குக் கொடுக்க வேண்டும். எட்டு கிலோ புளூட்டோனியத்துக்குக் கணக்கு உதைத்தால் அதை ஒரு குண்டளவு என்று எடுத்துக்கொள்வார்கள். ஐந்து பேருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, விருப்பப்பட்ட இடத்தை மட்டும் திறந்து காட்டினால் போதும். ஒரு பக்கம் கிலோக் கணக்கு, மறுபக்கம் நல்லெண்ணம். வடவீதி இதைத்தான் நேர்மையான பேரம் என்கிறார்.

நாடோடி

நண்பர்களே, நடுவில் வந்ததற்கு மன்னிக்கவும். கூடங்குளம் ஒப்பந்தம் நியாயமா என்றுதானே பேச்சு? அந்தப் பக்கத்து மீனவ மக்கள் எவ்வளவு நாள் போராடினார்கள் என்று யாருக்காவது நினைவு இருக்கிறதா?

வடவீதி

தலைப்பைப் படித்துவிட்டு வாருங்கள் நாடோடி.

செங்காந்தள்

நாடோடி சொன்னதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது, விரட்டாதீர்கள். கூடங்குளத்துக்கு ராஜீவும் கோர்பச்சேவும் கையெழுத்துப் போட்டது 1988 நவம்பரில். 1992-ல் அணுப்பொருள் விநியோக நாடுகள் குழு ஒரு விதி கொண்டுவந்தது. தன் எல்லா அணு நிலையங்களையும் முகமையின் கண்காணிப்பில் வைக்காத நாட்டுக்கு உலை விற்கக்கூடாது என்று. இந்தியா அப்படி வைக்கவில்லை. ரஷ்யா “எங்கள் உடன்பாடு 1992-க்கு முந்தையது” என்று சொல்லி விற்றது. பார்த்தீர்களா, வலிமையுள்ளவன் கையில் தேதி எப்படி வளைகிறது என்று.

கரிசல்குருவி

அதைத்தானே நானும் சொல்கிறேன்! தேதி! அவர்களுக்கு 1992 வளையும், நமக்கு 1967 ஜனவரி 1 வளையாது.

ஆய்வகத்து மூர்த்தி

ஐயா, அம்மா, எனக்கு ஒப்பந்தப் பிரிவு எதுவும் தெரியாது. என் அனுபவத்தைச் சொல்கிறேன். 1998 பொக்ரானுக்குப் பிறகு நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தில் இருந்தேன். நாங்கள் செய்துகொண்டிருந்தது மெல்லிய உலோகப் படலம் படியவைக்கும் வேலை. அணுவுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வெற்றிடம் உண்டாக்கும் ஒரு பம்பும் அதற்கான அளவுமானியும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. பணம் கட்டியாகிவிட்டது. விற்பவர் “எதற்குப் பயன்படுத்துவீர்கள், யாரெல்லாம் தொடுவார்கள்” என்று படிவத்தின் மேல் படிவமாகக் கேட்டார். நிரப்பி அனுப்பினோம். பிறகு ஏற்றுமதி அனுமதி கிடைக்கவில்லை என்று ஒரு வரி வந்தது. என் மாணவர் ஒருவர் ஆய்வுத் தலைப்பையே மாற்றிக்கொண்டார். அந்தப் பம்பு குண்டுக்கும் உதவும் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். உதவட்டும், எங்களுக்கு ஏன் தண்டனை என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

வடவீதி

மூர்த்தி சார், வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பம்பை நிறுத்தியது என்.பி.டி. அல்ல, அந்தந்த நாட்டு ஏற்றுமதிச் சட்டம். அந்தச் சட்டமெல்லாம் இவ்வளவு இறுகியதற்குத் தொடக்கம் எங்கே என்று கரிசலைக் கேளுங்கள். கனடா அமைதிக்காகக் கொடுத்த சைரஸ் உலை, அமெரிக்கா அமைதிக்காகக் கொடுத்த கனநீர். அதில் வந்த புளூட்டோனியத்தில்தான் 1974-ல் வெடித்தார்கள். “அமைதிக்கான வெடிப்பு” என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் விநியோக நாடுகள் குழுவே உருவானது. உங்கள் மாணவர் தலைப்பு மாற்றியதற்குக் கரிசல் மார்தட்டும் பொக்ரானும் ஒரு காரணம்.

கரிசல்குருவி

இந்தியா எந்த ஒப்பந்தத்தை மீறியது? சொல்லுங்கள். என்.பி.டி.யில் கையெழுத்தே போடவில்லை. கனடாவோடு போட்டதில் அமைதி வேலைக்கு என்று இருந்தது, வெடிப்பு கூடாது என்று இல்லை. 1968 ஜூனில் ஐ.நா. வாக்கெடுப்பில் 95 பேர் கையைத் தூக்கியபோது இந்தியா தூக்காமல் உட்கார்ந்திருந்தது. தன்மானமுள்ள நாடு அப்படித்தான் இருக்கும்.

வடவீதி

தன்மானம் என்றால் எதிர்த்து வாக்களித்திருக்கலாமே? அல்பேனியா, கியூபா, தான்சானியா, ஜாம்பியா எதிர்த்தன. இந்தியா எதிர்க்கவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை.

கொழும்புத்துறை

இவ்வளவு நேரமும் 1995 பற்றிக் கதைக்கிறீர்கள், அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையர் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. ஜயந்த தனபால. அவர் செய்த வேலை என்ன என்று செங்காந்தள் விளங்கிக்கொள்ள வேண்டும். நீடிப்புக்கு வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் அணுவாயுத நாடுகள் வென்றிருக்கும், அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தோற்ற பக்கம் கசப்போடு எழும்பிப் போயிருக்கும். அவர் ஒரு சிறு குழுவைக் கூட்டி, நாள்கணக்காக மூடிய அறைக்குள் வைத்துக் கதைத்து, நீடிப்போடு சேர்த்துக் குறிக்கோள்கள் என்று ஓர் ஆவணத்தையும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் மீளாய்வைப் பலப்படுத்தும் முடிவையும் எடுக்க வைத்தார். தென்னாபிரிக்கா அதற்கு வழி காட்டியது. ஒன்றுமே இல்லாமல் போயிருக்க வேண்டிய இடத்தில் ஏதாவது கிடைத்தது அவரால்தான்.

கரிசல்குருவி

கொழும்பு அதிகாரியைப் புகழ இங்கே ஒரு தமிழரா? ஆச்சரியம்.

கொழும்புத்துறை

தம்பி, கொழும்புத்துறை யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. பெயரை வைத்து ஆளை எடைபோட வேண்டாம். ஒருவர் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தால் செய்தார் என்று சொல்லத்தான் வேண்டும். இன்னொரு இலங்கையர் பெயரும் சொல்கிறேன், அதற்கும் கோபப்படுங்கள். நீதியரசர் வீரமந்திரி. 1996 ஜூலை 8-ல் ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம் அணுவாயுதம் பற்றிக் கருத்துச் சொன்னபோது, எந்தச் சூழ்நிலையிலும் அது சட்டத்துக்கு மாறானது என்று தனியாக எழுதினவர் அவர். அதே நாளில் நீதிபதிகள் எல்லோரும் ஒருமித்துச் சொன்ன ஒரு விஷயமும் உண்டு. ஆறாம் பிரிவின்படி பேச்சுத் தொடங்கினால் மட்டும் போதாது, அதை முடிவுக்கும் கொண்டுவர வேண்டும் என்பது. வடவீதிக்கு இது தெரியுமா?

வடவீதி

தெரியும். அது ஆலோசனைக் கருத்து, தீர்ப்பு அல்ல. மார்ஷல் தீவுகள் அதை வைத்து 2014-ல் வழக்கே போட்டுப் பார்த்தது. இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் மூன்றின் மேலும் போட்டது 2016-ல் விசாரணைக்கே எடுக்கப்படவில்லை.

செங்காந்தள்

விசாரணைக்கு எடுக்காததற்குக் காரணத்தையும் சொல்லுங்கள். பிரிட்டன் வழக்கில் நீதிபதிகள் எட்டுக்கு எட்டு. தலைவரின் கூடுதல் வாக்கால்தான் தள்ளுபடி ஆனது. வழக்கு போடுவதற்கு முன்பே இருவருக்கும் இடையில் தகராறு இருந்ததா என்ற ஒரு கேள்வியிலேயே முடித்துவிட்டார்கள். ஆறாம் பிரிவை மீறினார்களா என்ற கேள்வியைத் தொடவே இல்லை. தன் மண்ணில் அமெரிக்கா 67 முறை வெடித்த நாடு அது. போய் நிற்க வேறு வாசல் அதற்கு ஏது?

கொழும்புத்துறை, தனபாலவின் திறமையை நான் குறை சொல்லவில்லை. அவர் வாங்கிக் கொடுத்த வாக்குகளை அப்புறம் யார் காப்பாற்றினார்கள் என்பதுதான் என் கேள்வி. மத்திய கிழக்குத் தீர்மானத்தை முன்மொழிந்தவர்களே அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன். பதினைந்து ஆண்டு ஒன்றும் நடக்கவில்லை. 2010-ல் மறுபடி கேட்டபோது 2012-ல் ஒரு மாநாடு கூட்டுவோம் என்றார்கள். 2012 நவம்பரில் இப்போது முடியாது என்று அமெரிக்கா அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜெனீவாவில் எகிப்து எழுந்து வெளியேறியது. 2015 மீளாய்வு மாநாடு அந்த ஒரு விஷயத்திலேயே உடைந்தது. உடைத்தது அமெரிக்கா, பிரிட்டன், கனடா. இதற்குத்தான் 1995-ல் கையிலிருந்த பிடியைக் கொடுத்தார்கள்.

வடவீதி

கொடுத்தார்கள் என்கிறீர்களே, யார் கொடுத்தது? கனடா ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு நாடு நாடாகப் போனது. காலவரையறையற்ற நீட்டிப்புக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் கையெழுத்துப் போட்டன. ஐந்து பேரை விட்டுவிடுங்கள், மீதி எல்லாம் ஆயுதமில்லாத நாடுகள். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஏன் போட்டார்கள்? ஏனென்றால் இந்த ஒப்பந்தம் ஐந்து பேருக்குச் செய்யும் உபகாரம் அல்ல. பக்கத்து வீட்டுக்காரன் குண்டு செய்யாமல் இருப்பதுதான் ஒவ்வொரு நாட்டுக்கும் கிடைக்கும் லாபம். அர்ஜென்டினாவுக்கு பிரேசில் முக்கியம், வாஷிங்டன் அல்ல. தென்னாப்பிரிக்கா ஆறு குண்டுகள் செய்து வைத்திருந்தது. அதைப் பிரித்துப் போட்டுவிட்டு 1991-ல் உள்ளே வந்தது. ஏமாந்து வந்ததா?

செங்காந்தள்

கழுத்தில் கத்தி வைக்கவில்லை, உதவியை நிறுத்துவோம் என்று சொன்னால் போதாதா என்று பல நாட்டுத் தூதர்கள் பிற்பாடு குறைப்பட்டுக்கொண்டார்கள். அதை விடுங்கள். பக்கத்து வீட்டுக் கணக்கு எனக்கும் தெரியும், அது உண்மைதான். ஆனால் அந்த லாபத்தை வைத்துக்கொண்டு ஐந்து பேர் தங்கள் பாக்கியைத் தள்ளுபடி செய்துகொள்ள முடியாது. அர்ஜென்டினா பிரேசிலுக்குச் செய்ததை பிரான்ஸ் தன் கணக்கில் வரவு வைக்கக்கூடாது.

ஈராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஈராக் உறுப்பு நாடு. முகமையின் ஆய்வாளர்கள் துவைதா நிலையத்துக்குப் போய், ஈராக் காட்டிய அறைகளை மட்டும் பார்த்து, கணக்கு சரி என்று எழுதிவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். அடுத்த கட்டடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க விதியில் இடமில்லை. 1991 போருக்குப் பிறகு, ஜூன் கடைசியில், ஃபலூஜா அருகே ஒரு முகாமின் பின்வாசல் வழியாக லாரிகள் வரிசையாக ஓடின. அதில் ஏற்றியிருந்தவை யுரேனியத்தைச் செறிவூட்டும் பெரிய காந்தக் கருவிகள். ஆய்வாளர்கள் துரத்திக்கொண்டு போய்ப் படமெடுத்தார்கள், ஈராக்கியர் அவர்கள் தலைக்கு மேலே சுட்டார்கள். அந்தப் படங்கள்தான் உலகத்தை எழுப்பின.

அதன் விளைவாக 1997-ல் கூடுதல் நெறிமுறை வந்தது. கணக்கில் காட்டாத இடத்துக்கும் போகலாம், மண்ணையும் தூசியையும் துடைத்தெடுத்துப் பரிசோதிக்கலாம், சுரங்கத்திலிருந்து கருவி உற்பத்தி வரை தகவல் கேட்கலாம். நல்லதுதான், தேவைதான். ஆனால் அந்தச் சுமை யார் தலையில் ஏறியது? மறுபடியும் ஆயுதமில்லாதவர்கள் தலையில். ஒரு பக்கத்தின் கடமை 1968-ல் இருந்ததைப் போல இரண்டு மடங்கு ஆனது. மறுபக்கத்தின் கடமை அதே “நல்லெண்ணத்தோடு பேச்சு”. பிரேசில் இன்று வரை அந்த நெறிமுறையில் கையெழுத்துப் போடாததற்கு இதுதான் காரணம்.

வடவீதி

ஈராக் ஏமாற்றியதற்குப் பிரான்ஸ் ஏன் குண்டைக் குறைக்க வேண்டும்? திருடன் வந்ததால் பூட்டு பெரிதானது. அவ்வளவுதான்.

சரி, அநியாயத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, 2008 செப்டம்பர் 6-ஐப் பற்றி ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை? வியன்னாவில் விநியோக நாடுகள் குழு இந்தியாவுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தது. இந்தியா தன் 22 உலைகளில் 14-ஐக் கண்காணிப்பில் வைத்தது, 8-ஐ வெளியே வைத்துக்கொண்டது. யுரேனியமும் வந்தது, உலையும் பேசலாம், குண்டும் கையில். கையெழுத்துப் போட்டு, எல்லாவற்றையும் திறந்து காட்டி, ஒரு குண்டும் செய்யாத நாடு எத்தனை இருக்கிறது? அவர்களுக்குக் கிடைத்ததைவிட வெளியில் நின்றவனுக்கு அதிகம் கிடைத்தது. ஆஸ்திரியாவும் அயர்லாந்தும் நியூசிலாந்தும் கடைசி வரை தயங்கியது இதனால்தான். கரிசல், இந்த அநியாயம் கண்ணில் படவில்லையா?

கரிசல்குருவி

அது அநியாயம் அல்ல, காலம் கடந்து கிடைத்த நியாயம். 1967 ஜனவரி 1 என்ற தேதி தப்பு என்று அவர்களே ஒத்துக்கொண்டதற்கு அடையாளம். எழுத்தில் மாற்ற மானம் இடம் கொடுக்கவில்லை, அதனால் வியன்னாவில் பின்வாசல் வழியாகத் திருத்தினார்கள்.

கொழும்புத்துறை

அப்படியென்றால் பாகிஸ்தானுக்கும் அதே நியாயம் உண்டா?

கரிசல்குருவி

இல்லை. அவர்களின் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கான் லிபியாவுக்கும் ஈரானுக்கும் வட கொரியாவுக்கும் அணுத் தொழில்நுட்பத்தை விற்றார். இந்தியா எவனுக்கும் விற்கவில்லை.

கொழும்புத்துறை

அப்போ உங்கள் பிரச்சினை நியாயம் இல்லை, இந்தியா. அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

கரிசல்குருவி

நீங்கள் மட்டும் என்ன, இலங்கையர் பெயராகத் தேடித் தேடி எடுத்துப் போட்டீர்கள்.

ஆய்வகத்து மூர்த்தி

2008-க்குப் பிறகும் எங்கள் ஆய்வகத்துக்குப் படிவம் குறையவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

செங்காந்தள்

வடவீதி 2008 பற்றிச் சொன்னது எனக்கு எதிரான வாதம் அல்ல, எனக்காகச் சொன்ன வாதம். விதியைப் போட்டவர்களே, வியாபாரமும் கூட்டணியும் வந்தபோது விதியை மடித்து வைத்தார்கள். ஜப்பான் குண்டு விழுந்த நாடு, எல்லாக் கதவையும் திறந்து காட்டிய நாடு. அந்த நாட்டு மக்கள் அன்று என்ன நினைத்திருப்பார்கள்?

மூலப்பொருள் உற்பத்தியை நிறுத்தும் பேச்சு என்று 1995-ல் சொன்னதற்கு வடவீதி இன்னும் பதில் சொல்லவில்லை. சோதனைத் தடை வந்தது என்று பெருமைப்பட்டார். அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததா? 1999-ல் அமெரிக்க செனட் நிராகரித்தது. சீனா கையெழுத்தோடு நிற்கிறது. 2023-ல் ரஷ்யா கொடுத்த ஒப்புதலையும் திரும்பப் பெற்றது.

வடவீதி

அதே ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்தே போடவில்லை, 1996-ல் ஜெனீவாவில் ஒருமித்த முடிவைத் தடுத்ததும் இந்தியாதான், அதையும் பட்டியலில் சேருங்கள். மூலப்பொருள் பேச்சைப் பல ஆண்டாக முடக்கி வைத்திருப்பது பாகிஸ்தான். இரண்டும் என்.பி.டி.க்கு வெளியே நிற்கும் நாடுகள். உள்ளே இருப்பவர்கள் மேல் பழி, வெளியே இருப்பவர்களுக்கு மாலை.

செங்காந்தள்

ஜெனீவாவில் 1998-ல் சில வாரம் குழு அமைத்துப் பேசவும் தொடங்கினார்கள், அது அந்த ஆண்டோடு கலைந்தது. பாகிஸ்தான் முட்டுக்கட்டை போட்டது 2009-லிருந்து. நடுவில் பத்து ஆண்டு யார் தடுத்தது? அதற்குப் பதில் வேண்டும். பாகிஸ்தான் என்று சொல்லித் தப்ப வேண்டாம்.

2017 ஜூலையில் 122 நாடுகள் பொறுமை இழந்து அணு ஆயுதத்தையே தடைசெய்யும் தனி ஒப்பந்தத்துக்கு வாக்களித்ததே, ஏன்? என்.பி.டி. சொன்னதைச் செய்திருந்தால் இரண்டாவது ஒப்பந்தம் எதற்கு?

வடவீதி

அந்த ஒப்பந்தத்தில் குண்டு வைத்திருக்கும் ஒரு நாடுகூட இல்லை. குண்டு இல்லாதவர்கள் கூடி குண்டு கூடாது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். மகிழ்ச்சி.

கரிசல்குருவி

இவ்வளவு பேசியும் என் கேள்விக்கு வடவீதி பதில் சொல்லவில்லை. 1967 ஜனவரி 1 ஏன்? 1966 ஜனவரி ஏன் இல்லை, 1975 ஜனவரி ஏன் இல்லை?

வடவீதி

சொல்லியாகிவிட்டது. ஏதோ ஒரு நாளில் கோடு போட்டாக வேண்டும். எங்கே போட்டாலும் யாராவது வெளியில் நிற்பார்கள். இனி இந்தத் தேதிக்கு என்னிடமிருந்து பதில் வராது.

கரிசல்குருவி

வராது, ஏனென்றால் இல்லை.

செங்காந்தள்

தேதியை இருவரும் கொஞ்சம் கீழே வையுங்கள். பிரிட்டன் 180-லிருந்து 260 என்று நான் எழுதி எத்தனை பதிவு ஆகிறது? வடவீதி அந்தப் பக்கமே வரவில்லை. வேறு யாரிடமிருந்தும் பதில் வேண்டாம். அவரே சொல்லட்டும். குறைப்போம் என்று கையெழுத்துப் போட்ட நாடு உச்சவரம்பை ஏற்றுவது ஆறாம் பிரிவின் எந்த வரியில் அடங்குகிறது?

வடவீதி

உச்சவரம்பு ஏறியது, குண்டு ஏறியதா? இரண்டும் ஒன்றல்ல. அதற்கு ஆதாரம் கொண்டுவாருங்கள், பேசலாம்.

செங்காந்தள்

கையிருப்பு எத்தனை என்று இனி வெளியிட மாட்டோம் என்று அதே அறிக்கையில்தான் பிரிட்டன் சொன்னது. எண்ணிக்கையை மூடி வைத்துவிட்டு என்னிடம் ஆதாரம் கேட்கிறீர்கள். ஈரானிடம் யாராவது இப்படிக் கேட்டிருப்பார்களா?

நாடோடி

அப்போ கூடங்குளம்?